பட்டுத் துணியை வெட்டப் பயம்: ஓர் இணையத் தையல் வகுப்பின் அறிமுகக் கேரசல் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

யீஷூனில் நாலறை வீவக வீட்டிலிருந்து பல ஆண்டுகளாக ரவிக்கை தைத்துக் கொடுத்துவந்த ஒருவர், அந்த வேலையை இணையவழி வகுப்பாக மாற்றினார். ஆறு வாரம், பதிவு செய்யப்பட்ட பன்னிரண்டு வீடியோ, ஞாயிறு இரவு ஒரு நேரடி வகுப்பு, கட்டணம் 180 வெள்ளி. லைனிங் வைத்த சாதா கட் ரவிக்கை ஒன்றைத் தன் அளவுக்குத் தானே வெட்டித் தைப்பதுதான் வகுப்பின் இலக்கு. பிரின்சஸ் கட், ஆரி வேலை எல்லாம் இதில் கிடையாது.

இன்ஸ்டாகிராமில் அவரைச் சுமார் 2,400 பேர் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலும் சிங்கப்பூரில் வாழும் தமிழ்ப் பெண்கள். விளம்பரத்துக்குப் பணம் செலவிடும் எண்ணம் இல்லை. பல படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கும் கேரசல் பதிவு ஒன்றைப் போட்டு, சேர விரும்புவோரை வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வது என்பதே திட்டம். படங்களை வடிவமைத்தவர் பயிற்றுநரின் தங்கை மகள்.

மார்ச்: முதல் கேரசல்

முதல் பதிவில் எட்டு ஸ்லைடுகள். முகப்பில் "வீட்டிலிருந்தே ரவிக்கை தைக்கலாம்!" என்ற தலைப்பும் ஒரு பட்டு ரவிக்கையின் படமும். அடுத்தடுத்த ஸ்லைடுகளில் பாடங்களின் பட்டியல், பயிற்றுநரின் அனுபவம், மாணவிகள் அனுப்பிய பாராட்டுகளின் ஸ்கிரீன்ஷாட், கடைசியில் விலை.

பார்க்க நன்றாகவே இருந்தது. முந்நூற்றுக்கும் மேல் விருப்பங்கள் விழுந்தன. சேர்ந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் ஏற்கெனவே பயிற்றுநரிடம் ரவிக்கை தைத்து வாங்கியவர்கள், ஆகவே அவர்களைக் கேரசல் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது.

பதிவு போட்ட நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பயிற்றுநர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். பதில் போனபின் பலர் மௌனமானார்கள். 180 வெள்ளி அதிகமோ என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஜூன் மாதத்தில் 120 வெள்ளியாகக் குறைத்து மறுபடி அறிவிக்கவும் யோசித்தார்.

கேள்விகளை எண்ணியபோது

விலையைத் தொடுவதற்கு முன், மார்ச் முதல் ஜூன் வரை வந்த செய்திகளை ஒரு விரிதாளில் ஏற்றிப் பார்க்கலாம் என்று முடிவானது. விதி ஒன்றே ஒன்றுதான்: கேட்டவரின் வாசகத்தை மாற்றக்கூடாது. "மெஷின் பற்றிய சந்தேகம்" என்று சுருக்கி எழுதினால் எந்த மெஷின், என்ன பயம் என்பது காணாமல் போய்விடும். "அக்கா, என்கிட்ட இருக்கிறது அந்தச் சின்ன பேட்டரி மெஷின், அது போதுமா?" என்று வந்ததை அப்படியே பதிந்தார்கள். விரிதாளின் அடுத்த நெடுவரிசையில், பதில் கிடைத்தபின் அவர் என்ன செய்தார் என்று குறித்தார்கள்: சேர்ந்தார், மௌனம், அல்லது "யோசிச்சுச் சொல்றேன்".

கேள்வியோடு வந்த செய்திகள் 58. அவற்றில் 19 அளவு பற்றியவை: நேரில் அளவெடுக்காமல், போட்டுப் பார்த்துத் திருத்த ஆள் இல்லாமல், ஆன்லைனில் எப்படிச் சரியாக வரும்? 13 மெஷின் பற்றியவை. 9 நேரம் பற்றியவை. ஷிப்ட் வேலைக்காரர்கள், சின்னப் பிள்ளை உள்ளவர்கள் கேட்டது. 7 பேர் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்று 4 பேர். யூடியூபில் இலவசமாக இருக்கிறதே என்று 3 பேர். மீதி மூன்றும் உதிரி.

"பெரியம்மா, விலை ஜாஸ்தின்னு ஒருத்தர்கூடக் கேக்கல பாருங்க" என்றார் வடிவமைப்பாளர். இதை அவசரப்பட்டு நம்பிவிட வேண்டியதில்லை, விலை கட்டுபடியாகாதவர் பெரும்பாலும் கேட்காமலேயே போய்விடுவார். ஆனால் கேட்க வந்தவர்களைத் தடுத்தது விலை அல்ல என்பது மட்டும் தெளிவாயிற்று. விலைக்குறைப்பு கைவிடப்பட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. முதல் கேரசலின் எட்டு ஸ்லைடுகளில் ஒன்றுகூட இந்த 58 கேள்விகளில் எதற்கும் பதில் சொல்லவில்லை. பாராட்டு ஸ்கிரீன்ஷாட்கள் "சூப்பர் அக்கா", "நல்லாப் புரியுது அக்கா" என்று இருந்தன. பயிற்றுநர் நல்லவர் என்பதற்கு அவை சான்று. ரவிக்கை உடம்புக்குப் பொருந்தும் என்பதற்குச் சான்றில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுதிவிட்டு மௌனமானவர்களில் ஏழு பேரிடம், அழைக்கலாமா என்று முதலில் செய்தி அனுப்பிக் கேட்டு, சம்மதித்த ஐந்து பேரிடம் பயிற்றுநர் பேசினார். சேரச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. "என்ன யோசனை ஓடுச்சு?" என்பது மட்டுமே கேள்வி.

ஐந்தில் மூவர், வேறு வேறு சொற்களில், ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது இப்படி: "அக்கா, தையல் பிரிச்சுத் திரும்பத் தைக்கலாம். வெட்டினதை ஒட்ட முடியாது. எங்கம்மா குடுத்த பட்டுப்புடவையோட பிளவுஸ் பிட்டு ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு. எடுத்து வெட்டக் கை வரல."

58 செய்திகளில் இது எங்குமே இல்லை. அளவு சரியாக வருமா என்று கேட்ட பத்தொன்பது பேரில் பலருக்கு உள்ளே இருந்தது இந்தப் பயமாகத்தான் இருக்க வேண்டும். எழுத்தில் வரும் சந்தேகம் பெரும்பாலும் கேட்பதற்குக் கூச்சமில்லாத சந்தேகம். துணியை வீணாக்கிவிடுவேனோ என்பது தன் திறமை பற்றிய பயம். அதை ஒரு அந்நியருக்கு யாரும் டைப் செய்து அனுப்புவதில்லை.

எடுத்த தீர்மானங்கள், காரணங்கள்

இரண்டாவது கேரசலுக்கு ஒன்பது ஸ்லைடுகள் தீர்மானிக்கப்பட்டன. இன்ஸ்டாகிராம் 2024 முதல் இருபது படங்கள் வரை ஏற்கிறது என்றாலும், ஒரு சந்தேகத்துக்கு ஒரு ஸ்லைடு என்ற கணக்கில் ஒன்பதே போதுமானதாக இருந்தது. உதிரிக் கேள்விகளும் யூடியூப் கேள்வியும் விடப்பட்டன. யூடியூப் கேள்விக்குத் தனிப் பதில் தேவைப்படவில்லை. திருத்தம் எப்படி நடக்கிறது என்று காட்டினால் வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடும்.

முகப்பு ஸ்லைடில் வகுப்பின் பெயர்கூட இல்லை. ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்ட பட்டுத் துணி, மேலே திறந்த கத்தரி, "வெட்டக் கை வரவில்லையா?" என்ற மூன்றே சொற்கள். தொலைபேசியில் பேசியவரின் சொல்லாடலே தலைப்பாயிற்று.

இரண்டாம் ஸ்லைடு தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முதல் படத்தைத் தாண்டிப் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை இரண்டாம் படத்திலிருந்து மீண்டும் காட்டும். அதில் "பதில் அடுத்த பக்கத்தில்" என்று மட்டும் இருந்தால் அந்த வாய்ப்பு வீண். எனவே முழுப் பதிலும் அங்கேயே வந்தது:

"முதல் மூன்று வாரம் நல்ல துணியைத் தொடமாட்டீர்கள். ஒரு மீட்டர் காடா துணியில் வெட்டி, பெரிய தையல் போட்டு, போட்டுப் பார்த்துத் திருத்துகிறோம். திருத்திய அந்த அளவில்தான் பட்டை வெட்டுவீர்கள்."

பதிலின் அடுத்த பாதி மூன்றாம் ஸ்லைடில். பக்கத் தையலில் முன்துண்டு, பின்துண்டு இரண்டிலும் ஒரு அங்குலம் கூடுதல் துணி விடப்படுகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து அப்படி நான்கு ஓரங்கள். ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் தளர்த்தினால் சுற்றளவு இரண்டு அங்குலம் கூடும். உடம்பு கொஞ்சம் ஏறினாலும் இந்த மிச்சத் துணி கைகொடுக்கும். இதன் எல்லையும் அதே ஸ்லைடில் எழுதப்பட்டது: ஆர்ம்ஹோலை ஆழமாக வெட்டிவிட்டால் பக்கத் துணியால் அதைச் சரிசெய்ய முடியாது, கையைத் தூக்கும்போது ரவிக்கையும் சேர்ந்து மேலே ஏறும். காடா துணியில் பார்க்கச் சொல்வதே அதற்காக. "இதை எதுக்கு நாமே சொல்லணும்?" என்று வடிவமைப்பாளர் முதலில் தயங்கினார். ஆனால் தையல் கொஞ்சம் தெரிந்த எவருக்கும் இந்த உண்மை தெரியும். அதை மறைத்தால் மேலே சொன்ன இரண்டு அங்குலத்தையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

நான்காம் ஸ்லைடில் பாராட்டு ஸ்கிரீன்ஷாட் இருந்த இடத்தில் இரண்டு புகைப்படங்கள். முதல் சுற்று மாணவி ஒருவரின் காடா ரவிக்கை, கழுத்துக்குக் கீழே மட்டும். இடப்படத்தில் முன்பக்க ஆர்ம்ஹோல் உடம்பில் ஒட்டாமல் வாய் திறந்து நிற்கிறது. அந்த இடைவெளியைக் கிள்ளி ஒரு குண்டூசி. வலப்படத்தில், கிள்ளிய அந்த அரை அங்குலம் ஆர்ம்ஹோல் டாட்டுக்குள் சேர்க்கப்பட்டு, துணி படிந்து நிற்கிறது. கீழே ஒரு வரி: "மூன்று படம் அனுப்புங்கள், முன், பின், பக்கம். எங்கே கிள்ள வேண்டும் என்று கோடு போட்டு 48 மணி நேரத்தில் திரும்ப வரும்." படத்தை இன்ன பதிவில் பயன்படுத்துகிறோம் என்று சொல்லி அந்த மாணவியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கப்பட்டது. மார்ச்சில் போட்ட ஸ்கிரீன்ஷாட்களுக்கு அப்படி வாங்கவில்லை. ஒன்றில் பெயரும் புகைப்படமும் தெரிந்தன. பழைய பதிவிலிருந்து அந்த ஸ்லைடு நீக்கப்பட்டது.

மெஷின் ஸ்லைடில் எது போதும், எது போதாது என்று இரண்டே படங்கள். நேர்த்தையல் போடும் சாதாரண வீட்டு மெஷின் போதும், ஓவர்லாக் தேவையில்லை. கைக்கு அடக்கமான பேட்டரி மெஷின் போதாது: லைனிங்கோடு நான்கு மடிப்பு சேரும் இடத்தில் ஊசி இறங்காது, தையல் விட்டுவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த மோட்டார் மெஷினும் சரிவரும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

நேரத்துக்கான ஸ்லைடு ஒரு வாரத்தைப் பிரித்துக் காட்டியது: வீடியோ இரண்டு, ஒவ்வொன்றும் இருபது நிமிடம், பயிற்சி இரண்டு மணி நேரம், ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை, ஞாயிறு வகுப்பைத் தவறவிட்டால் பதிவு கிடைக்கும்.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கேள்விக்குப் பதில் "இல்லை" என்பதுதான். அந்தக் கிரெடிட் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு உரியது, அதுவும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டும். இது அப்படிப்பட்ட பயிற்சி இல்லை. "இல்லை" என்ற பதிலுக்கு ஒரு முழு ஸ்லைடா என்று விவாதம் நடந்தது. ஏழு பேர் கேட்டிருந்தார்கள், ஏழு பேரும் பதிலுக்குப் பிறகு மௌனம். அவர்களைச் சேர்க்க முடியாது. ஆனால் கேட்டு ஏமாறுவதைத் தவிர்க்கலாம். ஸ்லைடு வைக்கப்பட்டது.

விலை ஸ்லைடில் ஒரு விவாதம்

வடிவமைப்பாளரின் முதல் வரைவில் "350" அடிக்கப்பட்டு "180" என்று இருந்தது, கூடவே "இன்று நள்ளிரவு வரை மட்டும்". வகுப்பு ஒருநாளும் 350 வெள்ளிக்கு விற்கப்பட்டதில்லை. இல்லாத விலைச் சலுகையை இருப்பதாகக் காட்டுவது சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தக) சட்டத்தில் நியாயமற்ற நடைமுறைகளில் ஒன்றாகவே பட்டியலிடப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, மார்ச் பதிவில் 180 என்றே பார்த்தவர்கள்தான் இதையும் பார்க்கப்போகிறார்கள். இரண்டும் நீக்கப்பட்டன.

அவசரத்துக்கு உண்மையான காரணம் ஒன்று இருந்தது. படத் திருத்தம் ஒரு மாணவிக்குச் சுமார் பத்து நிமிடம் எடுக்கிறது. 24 பேர் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம். அதற்கு மேல் போனால் 48 மணி நேர வாக்கு தவறும். "24 இடம், காரணம், ஒவ்வொரு படத்தையும் நானே பார்க்கிறேன்" என்று எழுதப்பட்டது.

பணம் திரும்பக் கொடுப்பதில் "திருப்தி இல்லையென்றால்" என்ற சொல் வெட்டப்பட்டது, திருப்தியை யார் அளப்பது? இரண்டாம் ஞாயிறு வகுப்பு தொடங்குவதற்கு முன் செய்தி அனுப்பினால் காரணம் கேட்காமல் முழுப் பணமும் ஏழு நாளுக்குள் பேநவ் வழி திரும்பும், அதன்பின் கிடையாது என்று திட்டமாக எழுதினார்கள். கடைசி ஸ்லைடில் சேரும் வழி மட்டும்.

எழுத்தும் அளவும்

தயாரிப்பில் நேர்ந்த இரண்டு கோளாறுகள் தமிழில் கேரசல் போடும் எவருக்கும் நேரக்கூடியவை.

படங்கள் 1080 × 1350 பிக்சலில் செய்யப்பட்டன. ப்ரொஃபைல் கட்டங்களில் இன்ஸ்டாகிராம் இப்போது காட்டுவது 3:4 விகிதம். 1350 உயரத்துக்கு அந்த விகிதத்தில் அகலம் 1012 பிக்சல்தான் வரும், அதாவது இருபுறமும் சுமார் 34 பிக்சல் மறைகிறது. முதல் வரைவில் தலைப்பு ஓரத்தை ஒட்டி இருந்ததால், கட்டத்தில் "வெட்ட" என்பதன் முதல் எழுத்தில் கொம்பு காணாமல் போய் "வட்ட" என்று தெரிந்தது. இருபுறமும் 90 பிக்சல் ஓரம் விட்டு எழுத்து உள்ளே தள்ளப்பட்டது.

இரண்டாவது, எழுத்து உடைவது. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு இயக்கப்படாமல் இருந்ததால் "கொ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அமைப்பை மாற்றியதும் சரியானது. எழுத்து இடைவெளியைக் கூட்டும் பழக்கமும் ஆங்கில எழுத்துக்கு அழகு. தமிழில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். அதைச் சுழியமாக்கினார்கள். வரி இடைவெளி 1.5 மடங்கு, அதற்குக் குறைந்தால் மேல்வரியின் "கூ" கீழ்வரியின் புள்ளியில் இடித்தது.

ஒரு ஸ்லைடுக்கு அதிகபட்சம் 35 சொல், எழுத்து 42 பிக்சலுக்குக் குறையாமல். வெளியிடுமுன் பயிற்றுநரின் மாமியார் கண்ணாடி இல்லாமல் கைபேசியை நீட்டிப்பிடித்து வாசித்தார். ஆறாம் ஸ்லைடில் திணறினார். அதில் இரண்டு வரி குறைந்தது.

வெளியிட்ட பின்

ஜூலை கடைசி வாரம் ஒரு வியாழன் இரவு பதிவு வெளியானது. ஆகஸ்ட்டில் தொடங்கினால் தீபாவளிக்கு முன் ரவிக்கை கைக்கு வரும் என்பது கணக்கு.

இரண்டாம் நாளே ஒரு பிழை தெரிந்தது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஸ்லைடில் "இந்த வகுப்புக்கு இப்போது இல்லை" என்று இருந்தது. "இப்போது" என்பது கண்ணியத்துக்காகச் சேர்த்த சொல். அதைப் படித்துவிட்டு நான்கு பேர் "அப்போ எப்ப வரும், அக்கா? அதுவரைக்கும் காத்திருக்கேன்" என்று எழுதினார்கள். விண்ணப்பித்ததே இல்லாத அங்கீகாரத்துக்காகக் காத்திருக்கிறார்கள்! வெளியான கேரசலில் ஒரு படத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியாது. நீக்க மட்டுமே முடியும். அந்த ஸ்லைடை நீக்கிவிட்டு, விளக்கக் குறிப்பின் முதல் வரியிலும் மேலே நிறுத்திய கருத்திலும் "ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் பொருந்தாது, விண்ணப்பிக்கும் திட்டமும் இல்லை" என்று எழுதினார்கள். நால்வருக்கும் தனித்தனியாக மன்னிப்போடு பதில் போனது. அவர்களில் ஒருவர் சேர்ந்தார்.

விளைவு

பத்து நாளில் 17 பேர் சேர்ந்தார்கள். வந்த செய்திகள் 31. மார்ச் பதிவுக்குப் பத்தொன்பது வந்திருந்த அளவு பற்றிய கேள்வி இப்போது இரண்டே இரண்டு. பாதிக்கு மேல் "எப்படிப் பணம் கட்டுறது?", "காடா துணி தேக்காவுல எங்க கிடைக்கும்?" என்ற வகை. இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் மனத்தளவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்.

நான்கிலிருந்து பதினேழு ஆனது முழுவதும் கேரசலால்தான் என்று சொல்ல இடமில்லை. தீபாவளி நெருங்கியது, தையல்காரர்கள் ஆர்டரை நிறுத்தும் காலம். விலை மாறவில்லை என்பதால், விலையைக் காரணமாகச் சொல்ல முடியாது என்பது மட்டும் உறுதி. செய்திகளின் தன்மை மாறியதை, எண்ணிக்கையைவிட நம்பகமான அடையாளமாகக் கொள்ளலாம்.

சேர்ந்த பதினேழு பேரில் இருவரிடம் பேட்டரி மெஷின்தான் இருந்தது. ஐந்தாம் ஸ்லைடில் தெளிவாக எழுதியிருந்தும் அவர்கள் அதுவரை நகர்த்தவில்லை. நான்காம் ஸ்லைடின் படத்தைப் பார்த்ததுமே நேரே வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டார்கள். முதல் ஞாயிறு வகுப்பில்தான் தெரிந்தது. ஒருவர் உறவினரிடம் மெஷின் வாங்கிச் சமாளித்தார். மற்றவர் விதிப்படி முழுப் பணத்தையும் திரும்பப் பெற்றார். ஐந்தாம் வாரத்தில் இன்னொருவர் பணம் திரும்பக் கேட்டார்; தேதி எழுதியிருந்ததால் வாக்குவாதம் இல்லாமல் முடிந்தது.

அடுத்த முறை மாறுபவை

மெஷின் நிபந்தனை கேரசலில் மட்டும் இருக்காது. பணம் கட்டுமுன் நிரப்பும் படிவத்தில் முதல் கேள்வியாக வருகிறது, மெஷினின் புகைப்படத்தோடு. ஈர்க்கும் ஸ்லைடு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் ஆட்கள் மீதியைப் படிக்காமல் வந்துவிடுகிறார்கள். வகுப்புக்கு யார் தகுதி இல்லை என்பதைக் கேரசலின் கடைசிப் பாதியை நம்பி விடக்கூடாது.

காடா துணி கிடைக்கும் இடத்தைப் பற்றிய கேள்விக்கு இரண்டாம் ஸ்லைடிலேயே ஒரு வரி சேர்கிறது. "இப்போது", "விரைவில்" போன்ற சொற்களை, தேதி இல்லாவிட்டால் பயன்படுத்துவதில்லை. பதிவை வெளியிடுமுன், வகுப்பைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஒவ்வொரு ஸ்லைடையும் காட்டி "இதுல இருந்து உங்களுக்கு என்ன புரியுது?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். மாமியாரிடம் கேட்டது எழுத்து தெரிகிறதா என்று மட்டும்தான்.

பட்டுத் துணியை இரண்டு வருடம் எடுத்துவைத்திருந்தவர் ஆகஸ்ட் சுற்றில் சேர்ந்தார். அவருடைய காடா ரவிக்கை இரண்டு முறை திருத்தப்பட்டது. பட்டை அவர் நான்காம் வாரத்தில் வெட்டினார்.